இத்தாலியச் சொல், ஆங்கிலப் பொருள்: இசைத்தாளைப் படிக்க எந்த வழி யாருக்கு ஏற்றது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமான் வீட்டின் முன்னறையில் பியானோவும் தியரியும் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், தேர்வில் ஆங்கிலம். இசைத்தாளைத் திறந்தால் அங்கே நான்காவதாக இத்தாலியம் காத்திருக்கிறது. "டீச்சர், இந்தச் சொல்லையெல்லாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யட்டுமா? இல்லை, அகராதி பார்த்து எழுதிக்கொள்ளட்டுமா?" என்று மாணவர்களும் பெற்றோரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. எனக்கு அதை உணர்த்தியது ஒரு மாணவியின் பென்சில் குறிப்பு.

அவள் பீத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாவின் முதல் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் சரியாகத்தான் போயின. ஆனால் ஓசை மட்டும் காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு சுரமும் விரல் எழுந்தவுடன் அறுந்து போனது. குனிந்து பார்த்தேன். இரண்டு பாதங்களும் தரையில் இருந்தன, பெடல் பக்கமே போகவில்லை. தாளின் தலைப்பில் 'சென்சா சோர்டீனோ' என்ற சொற்களுக்கு மேலே பென்சிலால் ஆங்கிலத்தில் 'வித்தவுட் மியூட்' என்று அழகாக எழுதியிருந்தாள். தேர்வுப் புத்தகத்தின் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. வீட்டிலுள்ள நின்ற பியானோவின் நடுப் பெடலை மிதித்தால் தந்திகளுக்கு முன்னால் ஒரு கம்பளித் துணி இறங்கி ஓசை அடங்கும். அதுதான் மியூட், அதைத் தொடக் கூடாது என்று புரிந்துகொண்டவள், வம்பே வேண்டாம் என்று எல்லாப் பெடலையும் விட்டுவிட்டாள்.

பீத்தோவன் கேட்டதோ நேர் எதிரானது. அந்த வாக்கியத்துக்குக் கீழே மறுபடி வருகிறேன். முதலில் எதை வைத்து வழிகளை எடைபோடுவது என்று சொல்லிவிடுகிறேன்.

## எதைப் பார்த்து முடிவு செய்வது

நான் மூன்றே கேள்விகள் கேட்கிறேன். ஒன்று, தேர்வில் நான்கு விடைகளில் சரியானதைத் தொட இந்த வழி உதவுமா? பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்மின் தியரித் தேர்வில் ஐந்தாம் கிரேடு வரை இப்போது கணினியிலேயே எழுதுகிறார்கள். 75 மதிப்பெண்ணுக்கு 50 எடுத்தால் தேர்ச்சி. ஆறாம் கிரேடு செய்முறைத் தேர்வுக்குப் போக ஐந்தாம் கிரேடு தியரி வேண்டும் என்பதால், பெற்றோருக்கு இதுதான் முதல் கவலை. அது நியாயமான கவலையும்கூட.

இரண்டு, பொருள் தெரிந்த பிறகு கையும் காலும் வேறுவிதமாக நடக்குமா? 'வித்தவுட் மியூட்' என்று எழுதிய பிள்ளைக்குப் பொருள் தெரிந்திருந்தது. காலுக்குத்தான் தெரியவில்லை.

மூன்று, பட்டியலில் இல்லாத ஒரு சொல் வந்தால் தானாகவே ஊகிக்க முடியுமா? வாரத்துக்கு ஒரு வகுப்புதான். மற்ற ஆறு நாளும் பக்கத்தில் கேட்க யாரும் இல்லை. இப்பொழுதெல்லாம் ஐஎம்எஸ்எல்பி தளத்திலிருந்து இசைத்தாளை இறக்கி, கடையில் அச்செடுத்து வருகிறார்கள். அதில் இத்தாலியப் பதிப்பகங்களின் பழைய பதிப்புகளும் இருக்கும். அடிக்குறிப்பு முழுவதும் இத்தாலியத்தில் இருந்தால் தேர்வுப் பட்டியல் அங்கே எட்டாது.

## முதல் வழி: தேர்வுப் பட்டியலை அப்படியே படிப்பது

ஒரு பக்கம் இத்தாலியச் சொல், மறுபக்கம் ஆங்கில விளக்கம். அல்லெக்ரோ என்றால் வேகமாக, அடாஜியோ என்றால் மெதுவாக, டோல்ச்சே என்றால் இனிமையாக. புத்தகத்திலேயே இருக்கிறது, தனிச் செலவு எதுவும் இல்லை. தேர்வு நெருங்கிவிட்டால் இதைவிடச் சிறந்த வழி கிடையாது, ஏனென்றால் கணினித் திரையில் வரும் விடைகள் இந்தப் பட்டியலின் சொற்களை ஒட்டியே இருக்கும்.

இதில் இன்னொரு பலம் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. பட்டியல் தருவது இத்தாலியரின் அன்றாடப் பேச்சுப் பொருள் இல்லை. இசைக்காரர்கள் முந்நூறு ஆண்டுகளாகப் பழக்கத்தில் வைத்திருக்கும் பொருள். அல்லெக்ரோ என்பதற்கு இத்தாலியத்தில் மகிழ்ச்சியான என்று பொருள். ஆனால் மோட்சார்ட் 1778-இல் பாரிசில் எழுதிய ஏ மைனர் சொனாட்டாவின் முதல் பகுதிக்கு 'அல்லெக்ரோ மாயெஸ்டோசோ' என்று தலைப்பு. அவருடைய தாயார் அதே ஆண்டு, அதே ஊரில் இறந்து போனார். அந்த இசையில் மகிழ்ச்சியைத் தேடி ஒரு பிள்ளை சிரித்த முகத்தோடு வாசித்தால் எல்லாமே கெட்டுப்போகும். அங்கே 'வேகமாக' என்கிற வறண்ட விளக்கம்தான் சரி.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், சொற்கள் தனித்தனிக் கற்களாகவே கிடக்கும். ரிட்டார்டாண்டோ, ரிட்டெனூட்டோ இரண்டையும் 'மெதுவாகும்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். தாளில் இரண்டையுமே 'ரிட்.' என்று சுருக்குவதால் குழப்பம் இன்னும் கூடும். பட்டியல் படித்த பிள்ளை, நான்கு கிரேடு தாண்டிய பிறகும் புதுச் சொல் ஒன்று வந்தால் முதல் நாள் போலவே நிற்பான்.

## இரண்டாவது வழி: பொது இத்தாலிய அகராதி

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதில் ஆசை அதிகம். எந்தச் சொல்லைப் போட்டாலும் ஏதோ ஒரு பதில் வருகிறது. தாளில் முழு வாக்கியம் இருந்தால் இதை விட்டால் வேறு வழியும் இல்லை.

ஆனால் இசைக்கென்று எழுதாத அகராதி முதல் வரியில் தரும் பொருள் பல நேரம் தெருவில் புழங்கும் பொருள். டெம்போ என்று தேடினால் காலம் என்று வரும், கூடவே வானிலை என்றும் வரும். பத்தூத்தா என்பது தாளில் இரண்டு செங்கோடுகளுக்கு நடுவே வரும் ஒரு 'பார்'. பேச்சில் அதற்கு நகைச்சுவைத் துணுக்கு என்றும் பொருள் உண்டு. சுரத்தை நீட்டிப் பிடிக்கும் ஃபெர்மாத்தா, பேச்சில் பேருந்து நிற்கும் இடம். இவையெல்லாம் பார்த்தவுடனே பொருந்தாது என்று தெரிந்துவிடும், அதனால் ஆபத்தில்லை. பொருந்துவது போலத் தோன்றும் தவறுதான் ஆபத்து. பியானோ என்பதற்கு மெல்லிய ஓசையில் என்றும் பொருள், மெதுவாக என்றும் பொருள். அகராதி இரண்டையும் அடுத்தடுத்துத் தரும். மெல்லிய ஓசை வர வேண்டிய இடத்தில் வேகத்தையும் சேர்த்துக் குறைக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே அப்படி ஒரு பழக்கம் கையில் இருக்கிறது, அகராதி அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறது.

இது எப்போது சரி என்றால், வாக்கியத்தின் இலக்கணத்தைப் புரிந்துகொள்ள. எந்தச் சொல் வினை, எது எதைத் தழுவி நிற்கிறது என்று பார்க்க. இசைச் சொல்லின் இறுதிப் பொருளுக்கு அகராதியை மட்டும் நம்பாதீர்கள்.

## மூன்றாவது வழி: சொல்லைப் பிரித்து எழுதும் நோட்டு

நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது இதைத்தான். ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு சொல்லையும் வேர், விகுதி என்று இரண்டாக உடைத்து எழுத வேண்டும். வேருக்கு அன்றாடப் பொருள், விகுதிக்கு அதன் வேலை, அப்புறம் தேர்வுப் பட்டியலின் ஆங்கிலச் சொல்.

விகுதிகள் அதிகமில்லை. 'இஸ்ஸிமோ' மிக என்று கூட்டும். 'மெண்ட்டே' என்பது நம்முடைய 'ஆக' போல, ஆங்கிலத்தில் 'லி'. 'இனோ', 'எட்டோ' இரண்டும் சின்னதாக்கும். எனக்கு மிகவும் பிடித்தவை அடுத்த இரண்டும்தான். 'ஆண்டோ' அல்லது 'எண்டோ' என்று முடிந்தால் செயல் நடந்துகொண்டே இருக்கிறது. 'ஆட்டோ' அல்லது 'ஊட்டோ' என்று முடிந்தால் செயல் நடந்து முடிந்துவிட்டது.

இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டையும் 'மெதுவாகும்' என்று மழுப்பிவிடலாம். தமிழில் முடியாது. ரிட்டார்டாண்டோ என்றால் 'தாமதித்துக்கொண்டே'. ரிட்டெனூட்டோ என்றால் 'பிடித்து நிறுத்தப்பட்ட'. 'கொண்டே' என்று சொன்னவுடன் வேகம் நான்கு பார்களில் படிப்படியாக இறங்க வேண்டும் என்று கை புரிந்துகொள்கிறது. 'பட்ட' என்றால் அந்த இடத்திலேயே பிடி விழுந்துவிட்டது. கிரெஷெண்டோவும் அப்படித்தான். அதை 'சத்தமாக' என்று படித்த பிள்ளை அந்தச் சொல் வந்த சுரத்திலேயே ஓங்கி அடிப்பான். 'வளர்ந்துகொண்டே' என்று படித்தவனுக்கு, வளர வேண்டுமென்றால் சின்னதாகத் தொடங்க வேண்டும் என்று தானாகவே தோன்றும்.

இதற்கும் செலவு உண்டு. ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடமாவது ஆகும், தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கினால் பாதியில் நிற்கும். அதோடு வேரும் விகுதியும் சில இடங்களில் கைவிட்டுவிடும். அண்டாண்டினோ அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அண்டாண்டே என்றால் நடந்துபோகிற. சின்ன நடை என்றால் இன்னும் மெதுவா, கொஞ்சம் வேகமா? அண்டாண்டேயை மெதுவான வேகம் என்று எண்ணினால், அந்த மெதுவைச் சின்னதாக்கும்போது வேகம் கூடுகிறது. அதையே நகர்கிற வேகம் என்று எண்ணினால், நகர்வு சின்னதாகி வேகம் குறைகிறது. பீத்தோவனே 1813-இல் எடின்பரோ பதிப்பாளர் ஜார்ஜ் தாம்சனுக்கு எழுதிய கடிதத்தில், இனி அண்டாண்டினோ வந்தால் அண்டாண்டேயைவிட வேகமா மெதுவா என்று குறிப்பிடும்படி கேட்டிருக்கிறார். அவருக்கே இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. ஆகவே அண்டாண்டினோவுக்கு வேரைத் தோண்டிப் பயனில்லை. தேர்வுப் பட்டியலின் 'அண்டாண்டேயைவிடக் கொஞ்சம் வேகம்' என்பதை எடுத்துக்கொண்டு, அந்தக் குறிப்பிட்ட இசையின் ஓட்டத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இடையில் ஒரு விஷயம். நோட்டில் தமிழ் விளக்கம் எழுதச் சொல்கிறேனே தவிர, நம் இசையின் கலைச்சொற்களை இத்தாலியத்துக்கு ஈடாக எழுதச் சொல்வதில்லை. கோவிலில் தேவாரமோ கர்நாடக இசையோ கற்கும் பிள்ளைகள் அடாஜியோவுக்கு விளம்ப காலம், அல்லெக்ரோவுக்குத் துரித காலம் என்று எழுதி வருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் காலங்கள் ஒன்றுக்கொன்று இரட்டிப்பு. முதல் காலத்தில் ஒரு அடிக்கு ஒரு சுரம் என்றால் இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கையில் போடும் தாளம் மாறாது. அல்லெக்ரோவில் மாறுவது அந்தத் தாளத்தின் வேகமே. இந்த வேறுபாட்டை மறந்த பிள்ளை, அண்டாண்டேயிலிருந்து அல்லெக்ரோவுக்குப் போகும் இடத்தில் சரியாக இரண்டு மடங்கு ஓடிவிடுவான்.

## ஒரே வாக்கியம், மூன்று வழியிலும்

இப்போது அந்த மாணவியின் தாளுக்கு வருவோம். 1802-இல் வியன்னாவில் வெளியான பதிப்பில், அடாஜியோ சோஸ்டெனூட்டோ என்ற தலைப்போடு இந்த வாக்கியம் இருக்கிறது: 'சி டேவே சுவோனாரே டூட்டோ குவெஸ்டோ பெட்ஸோ டெலிகாட்டிஸ்ஸிமமெண்ட்டே எ சென்சா சோர்டீனோ.'

தேர்வுப் பட்டியலை வைத்துக்கொண்டால் பாதி வாக்கியம் இருட்டு. சென்சா என்றால் இல்லாமல், சோர்டீனோ என்றால் மியூட், அவ்வளவுதான் கிடைக்கும். அதுவும் வயலின் முதலிய தந்தி வாத்தியங்களை மனதில் வைத்து எழுதிய விளக்கம். வயலினில் பாலத்தின் மேல் செருகும் சின்னக் கவ்வியைத்தான் மியூட் என்கிறார்கள். பியானோக்காரிக்கு அது எங்கே என்று பட்டியல் சொல்லவில்லை. அதனால்தான் அவள் நடுப் பெடலைக் கண்டுபிடித்தாள்.

அகராதி வாக்கியத்தின் எலும்புக்கூட்டை நன்றாகவே கொடுக்கும். 'சி டேவே' வாசிக்க வேண்டியது என்கிற கட்டாயம். சுவோனாரே, வாசிப்பது அல்லது ஒலிப்பது. 'டூட்டோ குவெஸ்டோ பெட்ஸோ', இந்தப் பகுதி முழுவதையும். இந்த 'முழுவதையும்' முக்கியமான செய்தி. பட்டியலில் இருந்து அது கிடைத்திருக்காது. ஏதோ ஒரு வரிக்கு மட்டும் சொன்ன குறிப்பு இல்லை, முதல் சுரத்திலிருந்து கடைசி வரை இதே நிலை என்று அது சொல்கிறது. ஆனால் சோர்டீனோவுக்கு வந்தவுடன் அகராதியும் மியூட் என்றே சொல்லி நின்றுவிடும்.

நோட்டு வழியில் பிரித்தோம். டெலிகாட்டிஸ்ஸிமமெண்ட்டே: மென்மை, மிக, ஆக. மிக மென்மையாக. சோர்டீனோவுக்கு வேர் சோர்டோ. சோர்டோ என்றால் செவிடு. 'இனோ' சின்னதாக்கும். ஓசையைச் செவிடாக்கும் சின்னப் பொருள். அவளைப் பியானோவின் மேல்மூடியைத் திறந்து உள்ளே பார்க்கச் சொன்னேன். "இதுல ஓசையை அடைக்கிற சின்னப் பொருள் எது?" என்று கேட்டேன். ஒரு சாவியை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திப் பார்த்தாள். ஒவ்வொரு தந்தியையும் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பளித் துண்டு, சாவியை அழுத்தும்போது விலகி, விட்டவுடன் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. ஓசை அறுந்தது. "டாம்பர், டீச்சர்!" என்றாள்.

டாம்பர் இல்லாமல் வாசி என்றால், டாம்பர் எல்லாம் தந்தியை விட்டு எழுந்து நிற்க வேண்டும். அதற்கு வலது பெடலை மிதிக்க வேண்டும். பீத்தோவன் காலத்து வியன்னாப் பியானோக்களில் அந்த வேலையை முழங்காலால் தள்ளும் ஒரு நெம்புகோல் செய்தது. அவள் காலை எடுத்துவிட்ட அதே இடத்தில் அவர் காலை வைக்கச் சொல்லியிருக்கிறார்.

தவறான பொருள் நுழைந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தத் தாளிலேயே சாட்சி இருக்கிறது. தலைப்பு வாக்கியத்துக்குப் பிறகு, இசை தொடங்கும் இடத்தில் 'செம்ப்ரே பியானிஸ்ஸிமோ எ சென்சா சோர்டீனோ' என்று மறுபடியும் வருகிறது. எப்போதும் மிக மெல்லிய ஓசையில், கூடவே சோர்டீனோ இல்லாமல். சோர்டீனோ என்பது ஓசையைக் குறைக்கும் நடுப் பெடல் துணியாக இருந்தால், மிக மெல்லிய ஓசையைக் கேட்கும் அதே மூச்சில் அதை எடுத்துவிடு என்று ஏன் இரண்டு முறை சொல்ல வேண்டும்? பொருள் இப்படி ஒன்றுக்கொன்று முட்டினால் மொழிபெயர்ப்பில் எங்கோ பிழை என்று சந்தேகப்படுங்கள். எந்த வழியில் படித்தாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். சரியாக மொழிபெயர்த்துவிட்டோம் என்று பெடலை முதலிலிருந்து கடைசி வரை மிதித்தபடியே இருந்தால் இன்றைய பியானோவில் எல்லாம் கலங்கிவிடும். அந்தக் காலத்துப் பியானோவில் ஓசை சீக்கிரம் மங்கிவிடும், இன்றைய பியானோவில் நீண்ட நேரம் நிற்கும். அதனால் பெரும்பாலோர் இடது கையின் கீழ்ச் சுரம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் பெடலை மாற்றி மிதிக்கிறார்கள். சொல்லின் பொருள் 1802-இல் இருந்ததுதான். அதைக் கையாளும் விதம் வாத்தியத்தைப் பொறுத்தது.

## தியரிச் சொற்களுக்கு வேறு கணக்கு

வேகக் குறிப்பிலும் பாவக் குறிப்பிலும் வேர் நோட்டு ஜெயிக்கிறது என்று சொன்னேன். சுரத்தின் பெயர், நீளத்தின் பெயர் என்று வந்தால் அதே நோட்டு காலை வாரிவிடும். காரணம், இங்கே ஆங்கிலமும் இத்தாலியமும் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களுக்கு வெவ்வேறு பொருள் வைத்திருக்கின்றன. வேர் ஒன்றாக இருப்பதே இங்கே பொறி.

பௌசா என்றால் இத்தாலியத்தில் ஓசை இல்லாத இடைவெளி, அதாவது ஆங்கிலத்தின் 'ரெஸ்ட்'. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'பாஸ்' என்றால் சுரத்தை நீட்டிப் பிடிக்கும் குறி. ஒன்றில் மௌனம், மற்றதில் நீண்ட ஓசை. அந்தக் குறியை இத்தாலியர் கொரோனா, அதாவது கிரீடம் என்பார்கள். கியாவே என்றால் சாவி. ஆனால் தாளில் அது கிளெஃப்; ஆங்கிலத்தின் 'கீ' வேண்டுமென்றால் இத்தாலியத்தில் டோனாலிட்டா. லெகாத்தூரா என்ற ஒரே சொல் 'டை'க்கும் வரும், 'ஸ்லர்'க்கும் வரும். கூட வரும் அடைமொழிதான் எது என்று சொல்லும்: வாலோரே என்றால் டை, போர்ட்டமெண்ட்டோ என்றால் ஸ்லர்.

சுரநீளப் பெயர்களுக்கு எங்கள் வகுப்பில் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை இது. தேர்வு பிரிட்டிஷ் பெயரைக் கேட்கிறது, பிள்ளைகள் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர், இறக்கிய பதிப்பின் அடிக்குறிப்பில் இத்தாலியப் பெயர்.

| நான்கு அடித் தாளத்தில் நீளம் | பிரிட்டிஷ் | அமெரிக்க | இத்தாலிய |
|---|---|---|---|
| 4 அடி | செமிபிரீவ் | ஹோல் நோட் | செமிப்ரேவே |
| 2 அடி | மினிம் | ஹாஃப் நோட் | மீனிமா |
| 1 அடி | குரோட்செட் | குவார்ட்டர் நோட் | செமிமீனிமா |
| அரை அடி | குவேவர் | எயித் நோட் | குரோமா |
| கால் அடி | செமிகுவேவர் | சிக்ஸ்டீன்த் நோட் | செமிகுரோமா |

குரோட்செட்டும் குரோமாவும் காதுக்கு அண்ணன் தம்பி போல. நீளத்திலோ ஒன்று மற்றதில் பாதி. அடிக்குறிப்பில் 'குரோமா' என்று பார்த்து ஒரு அடியாக எண்ணினால் அலங்காரச் சுரம் முழுவதும் இரண்டு மடங்கு நீண்டுவிடும். இங்கே ஊகமே கூடாது, அட்டவணையைப் பார்த்தே ஆக வேண்டும்.

சுரப் பெயரிலும் ஒரு எச்சரிக்கை, அது குறிப்பாக நம் பிள்ளைகளுக்கு. நம்முடைய 'ஸ' எந்தச் சுருதியிலும் உட்காரும். பாடுபவருக்கு ஏற்ப ஏற்றலாம், இறக்கலாம். அதைப் பழகிய காதோடு இத்தாலியத்தின் 'டோ'வைப் பார்த்தால் அதுவும் அப்படித்தான் என்று தோன்றும். இல்லை. இத்தாலியப் பதிப்பில் டோ என்றால் எப்போதும் சி தான். மூன்லைட் சொனாட்டாவின் இத்தாலியத் தலைப்பில் 'டோ டியேசிஸ் மினோரே' என்று இருக்கும். சி ஷார்ப் மைனர் என்பதுதான் அது. டியேசிஸ் ஷார்ப், பெமோல்லே ஃபிளாட், பெகுவாத்ரோ நேச்சுரல்.

## யாருக்கு எது

தியரித் தேர்வுக்கு ஒரு மாதத்துக்கும் குறைவாக இருந்தால் தேர்வுப் பட்டியல் மட்டும் போதும். நோட்டு தொடங்க இது நேரமில்லை, தேர்வு முடிந்த வாரத்தில் தொடங்கலாம். ஒன்று, இரண்டாம் கிரேடு சின்னப் பிள்ளைகளுக்கும் பட்டியல்தான். அவர்களுக்கு வரும் சொற்கள் குறைவு; அவற்றை வாசித்துக் காட்டினாலே மனதில் நிற்கும்.

மூன்றாம் கிரேடுக்கு மேல், வேகக் குறிப்புக்கும் பாவக் குறிப்புக்கும் பிரித்தெழுதும் நோட்டு. வாரத்துக்கு இரண்டு சொல் போதும், அதுவும் அந்த வாரம் வாசிக்கும் தாளில் இருக்கும் சொல்லாக இருக்கட்டும். வாசிக்காத சொல்லை எழுதி வைத்தால் நோட்டு நிறையும், கைக்கு எதுவும் போய்ச் சேராது. சுரநீளம், குறிகளின் பெயர் இவற்றை நோட்டில் சேர்க்க வேண்டாம். அட்டவணையாகத் தனித் தாளில் இருக்கட்டும்.

முழு இத்தாலிய வாக்கியமோ அடிக்குறிப்போ வந்தால் மட்டும் அகராதி. அதிலும் வினையையும் இணைப்புச் சொல்லையும் மட்டும் அங்கே தேடுங்கள். இசைச் சொல்லுக்குப் பட்டியலையும் நோட்டையும் பாருங்கள். மூன்றும் ஒத்துவந்தால் பென்சிலால் தாளில் எழுதலாம். ஒத்துவராவிட்டால் கேள்விக்குறி போட்டு வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். என் மாணவர்களின் தாளில் தவறான பொருளைவிடக் கேள்விக்குறியைப் பார்க்கத்தான் நான் ஆசைப்படுகிறேன்.

தாளில் எழுதும்போது ஆங்கிலப் பெயர்ச்சொல்லை எழுதாமல் செய்ய வேண்டிய செயலை எழுதச் சொல்கிறேன். அந்த மாணவி 'வித்தவுட் மியூட்' என்பதை அழித்துவிட்டு, 'வலது பெடல், கீழ்ச் சுரம் மாறும்போது மாற்று' என்று எழுதினாள். நோட்டில் அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது: 'சோர்டீனோ. சோர்டோ, செவிடு. இனோ, சின்ன. ஓசையை அடைக்கும் சின்னப் பொருள். தேர்வில்: மியூட். பியானோவில் பீத்தோவன்: டாம்பர்.'

அவளுடைய தம்பி பக்கத்து வீட்டில் வயலின் கற்கிறான். போன வாரம் அவனுடைய தாளிலும் 'சென்சா சோர்டீனோ' வந்திருக்கிறது. அக்காவின் நோட்டைத் திறந்து பார்த்து, முதல் வரி மூன்றையும் அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டு, கடைசி வரியை மட்டும் மாற்றியிருக்கிறான்: 'வயலினில்: கவ்வியை எடு. எடுக்க இரண்டு பார் நேரம் இருக்கிறது.'